'மூங்கில் டி-ஷர்ட்', 'வாழை நார் சேலை'... லேபிளில் இருப்பது துணியிலும் இருக்கிறதா?

ஆன்லைனில் 'மூங்கில் சாக்ஸ்', 'மூங்கில் டி-ஷர்ட்', 'மூங்கில் பெட்ஷீட்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. பட்டு மாதிரி மென்மை, கிருமி அண்டாது, இயற்கைக்கு நல்லது. விளம்பரம் இப்படித்தான் போகும். கூடவே பச்சை இலை படம் ஒன்று.

மென்மை உண்மைதான். மற்ற இரண்டும்தான் சிக்கல்.

அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் வால்மார்ட், கோல்ஸ் ஆகிய இரண்டு பெரிய கடை நிறுவனங்கள் மீது அந்நாட்டின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி நடவடிக்கை எடுத்தது. ரேயான் துணியை 'மூங்கில்' என்று சொல்லி விற்றார்கள், சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்றும் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. வால்மார்ட்டுக்கு 30 லட்சம் டாலர், கோல்ஸுக்கு 25 லட்சம் டாலர் அபராதம். 2013-லும் அமேசான், மேசிஸ், சியர்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் இதே காரணத்துக்காக மொத்தம் 12.6 லட்சம் டாலர் கட்டின.

மூங்கில் எப்படி ரேயான் ஆகிறது?

மூங்கிலை அப்படியே நாராக உரித்து நூற்கலாம். ஆனால் அது கரடுமுரடாக, லினன் துணி போல விறைப்பாக இருக்கும். வேலையும் அதிகம், செலவும் அதிகம். கடையில் வழவழவென்று கிடைக்கும் 'மூங்கில்' துணி பெரும்பாலும் அது இல்லை.

அது தயாராகும் வழியே வேறு. மூங்கிலைச் சிறு துண்டுகளாக வெட்டி, வேகவைத்து, காகித ஆலையில் செய்வது போலக் கூழாக்குவார்கள். அந்தக் கூழை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிந்து உதிர்ப்பார்கள். பிறகு கார்பன் டைசல்பைடு என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் கூழ் ஆரஞ்சு நிறத் தூளாக மாறும். அதை மறுபடி காஸ்டிக் சோடாவில் கரைத்தால் தேன் போல ஒரு பாகு கிடைக்கும். இதுதான் விஸ்கோஸ். நம்ம ஊர் இடியாப்ப அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மிக நுண்ணிய துளைகள் உள்ள அச்சு வழியாக இந்தப் பாகைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிந்தால், இழையாக உறைந்து வெளியே வரும்.

அப்போ மிஞ்சுவது என்ன? செல்லுலோஸ் மட்டும்தான். யூகலிப்டஸ் மரத்தை இதே தொட்டிக்குள் அனுப்பினாலும் கிட்டத்தட்ட இதே இழைதான் வரும். அதனால்தான் மூங்கில் செடியில் இருக்கும் கிருமி எதிர்ப்புத் தன்மை இந்த ரேயானில் தங்குவதற்கு ஆதாரம் இல்லை என்கிறது எஃப்.டி.சி.

மூங்கில் வேகமாக வளரும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். இதெல்லாம் சரி. ஆனால் அது தோட்டத்துக் கதை, ஆலைக்குள் கதை வேறு. கார்பன் டைசல்பைடு ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் விஷம். தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இதனால் பாதிக்கப்பட்டார்கள். 1993-ல் ஆலை மூடப்பட்டது. அங்கிருந்த இயந்திரங்கள் சீனாவுக்கு விற்கப்பட்டன என்பது இன்னும் வேதனை.

எல்லா ஆலையும் அப்படி இல்லை. ஆவியைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தும் ஆலைகள் உண்டு. லையோசெல் என்ற இன்னொரு முறையில் கார்பன் டைசல்பைடே கிடையாது. அதில் பயன்படும் கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துவிடலாம். லேபிளில் 'மூங்கில் லையோசெல்' என்று இருந்தால் வெறும் 'மூங்கில்' என்பதைவிட அதில் தகவல் அதிகம்.

தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும்?

மூங்கில் விஸ்கோஸ் உடம்பில் வழுக்கிக்கொண்டு விழும், லேசாக மினுமினுக்கும், வியர்வையைப் பருத்தியைவிட நன்றாக உறிஞ்சும். வெயில் காலத்துக்கு சுகம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் நனைந்தால் இழையின் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதனால்தான் இந்த டி-ஷர்ட்கள் துவைக்கத் துவைக்க நீள்கின்றன, உரசும் இடத்தில் உருண்டை உருண்டையாகப் பூ கட்டுகின்றன. பிழிந்து முறுக்காமல், தொங்கவிடாமல், தட்டையாகப் போட்டு உலர்த்தினால் கொஞ்ச காலம் கூடுதலாக உழைக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஓரத்தில் இருந்து ஒரு நூலை உருவி, காய்ந்த நிலையில் இழுத்துப் பாருங்கள். இன்னொரு நூலை நனைத்து இழுங்கள். நனைந்தது சட்டென்று அறுந்தால் விஸ்கோஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பருத்தியோ, உரித்தெடுத்த நாரோ நனைந்தால் பலம் குறையாது. எரித்துப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாகும், அதைக் கண்டுபிடிக்கலாம். மற்றபடி பருத்தி, விஸ்கோஸ், வாழை எல்லாமே காகிதம் எரியும் வாசனைதான் அடிக்கும்.

வாழை நார் கதை வேறயா?

வேறதான். இங்கே ரசாயனக் கரைசல் இல்லாமலே நார் எடுக்கலாம். தார் வெட்டியபின் தோட்டத்தில் கிடக்கும் வாழைத்தண்டின் மட்டைகளைப் பிரித்து, இயந்திரத்தில் கொடுத்துச் சதையைச் சுரண்டினால் நார் மிஞ்சும். அலசிக் காயவைத்தால் வேலை முடிந்தது.

கணக்குதான் இடிக்கிறது. தண்டில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காய்ந்த நாராகக் கிடைப்பது சுமார் 1 சதவீதம். 20 கிலோ தண்டைத் தூக்கிக்கொண்டு போனால் 200 கிராம் நார். அதிலும் வெளி மட்டை நார் கயிறுக்கும் பாய்க்கும்தான் லாயக்கு. உள் மட்டையின் மெல்லிய நார்தான் துணிக்கு ஆகும். தண்டை லாரியில் ஏற்றினால் டீசல் செலவில் தண்ணீரைத்தான் சுமக்கிறோம். அதனால் இயந்திரம் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் 'கழிவிலிருந்து துணி' என்ற பேச்சுக்கு அர்த்தம்.

சென்னை அருகே அனகாபுத்தூரில், ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு மெட்ராஸ் துணி நெய்த நெசவாளர்கள் இந்த நாரில் சேலை நெய்கிறார்கள். நாரை முடிச்சுப் போட்டு நீளமாக்க வேண்டும். காய்ந்தால் வளையாது, படக்கென்று ஒடியும். அதனால் பருத்தியோ பட்டோ பாவாகவும் வாழை நார் ஊடையாகவும் வருவது வழக்கம். ஜப்பானின் ஒகினாவாவிலும் இதே பாடு. அங்கே வாழை இன நாரில் நெய்யும் 'பாஷோஃபு' துணிக்கு, சாம்பல் நீரில் வேகவைத்து, வழித்து, கையாலேயே முடிந்து நூலாக்குகிறார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் தறியில் இழை அறுந்துவிடும்.

ஆக, நிஜ வாழை நார் துணி மொடமொடப்பாக, காற்றோட்டமாக இருக்கும். 'வாழைப் பட்டு' என்ற பெயரில் பட்டு மாதிரி வழவழக்கும் நூலைக் கொடுத்தால் சந்தேகப்படலாம். வாழையையும் கூழாக்கி விஸ்கோஸ் ஆக்க முடியும்.

இந்தியாவிலும் இப்போது கேள்வி கேட்க இடம் உண்டு. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பசுமையானது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எந்த வகையில் என்று விளக்கம் கொடுக்க வேண்டும், ஆதாரம் இருக்க வேண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: இது உரித்த நாரா, கரைத்த நாரா? கரைத்தது என்றால் விஸ்கோஸா, லையோசெல்லா? வாழை என்றால் கூடுதலாக ஒன்று: நூறு கிராம் துணியில் வாழை எத்தனை கிராம்?