‘ஆனால்’ இல்லாத மன்னிப்பு



பிள்ளைகள் நம்மிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதை நாம் விரைவில் கற்பித்துவிடுகிறோம். நாம் அவர்களிடம் கேட்க வேண்டிய வேளையிலோ நாவு எழுவதில்லை. எழுந்தாலும், கேட்கும் முறையில் தவறிவிடுகிறோம். அதுபற்றி இத்திங்கள் சிந்திப்போம்.

ஓர் இல்லத்தில் நிகழக்கூடியதை எடுத்துக்கொள்வோம். தந்தை மாலையில் களைத்து வீடு திரும்பியிருக்கிறார். மேசைமீது வீட்டு வரி ரசீதுகளைப் பரப்பிக் கணக்குப் பார்க்கிறார். ஆறு வயது மகன் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது கை தவறுகிறது; ரசீதுகள் நனைகின்றன. தந்தை அவன் கையைப் பற்றி இழுத்து, “உதவாக்கரை!” என்று கத்துகிறார். சிறுவன் சுவரோரம் போய் நிற்கிறான். இரவு உணவு வேண்டாம் என்கிறான்.

அவன் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது? சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ழான் பியாஜே, 1932-இல் வெளியிட்ட நூலொன்றில், சிறுவர்களுக்குத் தாம் சொன்ன இரு கதைகளை விவரிக்கிறார். ஒரு சிறுவன் அறியாமல் கதவைத் திறந்து பதினைந்து கோப்பைகளை உடைக்கிறான். மற்றொருவன் திருட்டுத்தனமாகத் தின்பண்டம் எடுக்கப்போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் அதிகக் குற்றவாளி? இளஞ்சிறுவர் பலர் முதல்வனையே காட்டினர். சிறுவரும் ஓரளவு நோக்கத்தை உணர்வர் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், சேதத்தின் அளவைக் கொண்டே குற்றத்தை அளக்கும் போக்கு அவ்வயதில் வலிமையானது. அப்படி அளக்கும் பிள்ளை, தந்தையின் கூச்சலையும் அளவுகோலாகக் கொண்டு, “இவ்வளவு கத்தினார் என்றால் நான் அவ்வளவு கெட்டவன்” என்று முடிவு கட்டிவிடக் கூடும். நம் மன்னிப்பு அழிக்க வேண்டியது இந்த முடிவைத்தான்.

அதை அழிக்காத மன்னிப்புகள் பல உண்டு. மறுநாள் மிட்டாய் வாங்கி வருவது ஒன்று. பிள்ளை மகிழ்வான், ஆனால் ‘உதவாக்கரை’ என்ற சொல் அப்படியே நிற்கும். தாயைத் தூதனுப்பி, “உன் நல்லதுக்குத்தான் அப்பா சொன்னார்” என்பது மற்றொன்று. அது அச்சொல்லை உண்மையாக்கிவிடும். யாவற்றினும் வழக்கமானது, “நான் கத்தியது தப்புதான், ஆனால் நீ கவனமாக இருந்திருந்தால்...” என்பது. அந்த ‘ஆனால்’ வந்ததும், முன் சொன்னது மறைந்து பழி மீண்டும் பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நம் பாவத்தையே சொல்ல வேண்டும், பிறர் பாவத்தை அன்று என்று கற்றிருக்கிறோம். இல்லத்திலும் அதுவே நெறி.

ஆகவே அத்தந்தை என்ன செய்யலாம்? முதலில் தம் மூச்சும் குரலும் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். எனினும் பிள்ளை உறங்குமுன் போக வேண்டும். நின்றவாறு பேசாமல், அவன் முகத்துக்கு நேராக அமர வேண்டும். பின்னர், நடந்ததை நடந்தபடியே சொல்ல வேண்டும்: “கண்ணா, நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். கையைப் பிடித்து இழுத்தேன். உதவாக்கரை என்றேன். நீ அப்படி இல்லை. நான் சொன்னது பொய். கோபத்தை அடக்காதது என் தப்பு. அப்பா மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் கோபம் வந்தால் திண்ணைக்குப் போய்விட்டு வந்து பேசுவேன்.” அவ்வளவு போதும். தாம் அழுது, பிள்ளை தம்மைத் தேற்றும்படி செய்தல் ஆகாது. பெரியவர் பாரத்தைச் சிறுவன் சுமக்கலாகாது.

தண்ணீர் கொட்டியதைத் திருத்த வேண்டாமா? வேண்டும். அது வேறு வேளைக்கு உரியது. மறுநாள் காலை, செம்பை இரு கைகளாலும் பிடிக்கும் விதத்தை அவனுடன் சேர்ந்து செய்து காட்டலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ‘ஆனால்’ மீண்டும் நுழைந்துவிடும்.

பிள்ளை உடனே சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாகாது. அவன் மௌனமாயிருக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். “மன்னித்துவிட்டேன் என்று சொல்” என வற்புறுத்தினால், கேட்டது மன்னிப்பு அன்று, கட்டளை. “நான்தான் கெட்டவன், அப்பா” என்று அவனே முந்திக்கொண்டு சொன்னால், அவன் சமாதானம் அடைந்துவிட்டான் என எண்ண வேண்டாம். பழைய முடிவு இன்னும் அழியவில்லை என்பதே பொருள். அப்போது, “இல்லை, தப்பு என்னுடையது” என்று மீண்டும் ஒருமுறை அமைதியாகச் சொல்ல வேண்டும். நாம் கையை உயர்த்தும்போது அவன் ஒதுங்குகிறானா என்பதைச் சில நாள்கள் கவனிப்பதும் நன்று.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வாரந்தோறும் கத்திவிட்டு வாரந்தோறும் மன்னிப்புக் கேட்டால், பிள்ளை அச்சொல்லை நம்ப மறுப்பான். அடியும் வசையும் வழக்கமாகிவிட்ட இல்லத்தில் மன்னிப்பு மட்டும் போதாது. கோபத்தை ஆளக் கற்பிக்கும் உளநல ஆலோசகரைப் பெற்றோரே நாடிச் செல்ல வேண்டும். திண்ணைக்குப் போவேன் என்று சொன்ன தந்தை, அடுத்த முறை உண்மையாகவே எழுந்து திண்ணைக்குப் போவதைப் பிள்ளை தன் கண்ணால் காண வேண்டும். அன்றுதான் அந்த மன்னிப்பு நிறைவுபெறும்.