ரயிலேறும் முன் ஒரு வயிற்றுப் பரிசோதனை



வளைகாப்பு முடிந்த பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இன்றும் இருக்கிறது. தாய்வீடு அடுத்த சந்தில் இருந்தால் கவலையில்லை. திருநெல்வேலிப் பக்கம் இருந்தால் ஒன்றரை நாள் ரயில் பயணம். ஏழாம் மாதமே கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. மூத்த பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், வீட்டுக்காரருக்குச் சமைத்துப்போட ஆள் வரட்டும் என்று ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தை அவர்களுக்காக எழுதுகிறேன்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன் நான் பிரசவ வார்டில் செவிலியாக இருந்தவள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, போன வாரம் லேபர் கேம்ப்பிலிருந்து ஒரு தங்கை அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டாள். “யக்கா, ஊருக்கு டிக்கெட் எடுத்தாச்சு. இங்க வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, தல இன்னும் எறங்கலன்னு சொல்லுதாவ. போகலாமா, கூடாதா?” என்றாள். ‘தலை இறங்கவில்லை’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. குழந்தை நெடுக்காகக் கிடக்கிறதா, குறுக்காகக் கிடக்கிறதா? கீழே இருப்பது தலையா, பிட்டமா? கர்ப்பப்பை வாரத்துக்கேற்ப வளர்ந்திருக்கிறதா? இவை தெரிந்தால்தான் தலை இறங்கியதா என்ற கேள்விக்கே பொருள் உண்டு. இந்த நாலையும் இரண்டு கைகளாலும் ஒரு டேப்பாலும் அறிந்துவிடலாம்.

முதலில் டேப். பரிசோதனைக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். அதைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளி இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கூட்டிக் காட்டிவிடும். பிறகு மல்லாந்து, தலை சற்று உயரமாக, காலை நீட்டிப் படுக்க வேண்டும். சிஸ்டர் உங்கள் வலப்பக்கம் நின்று, இடக்கையின் சுண்டுவிரல் ஓரத்தை மார்பெலும்பின் நுனியில் வைத்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு வருவார். கை முதலில் எங்கே தடுக்கப்படுகிறதோ, அதுதான் கர்ப்பப்பையின் மேல்மட்டம். கர்ப்பப்பை பெரும்பாலும் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அதை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே டேப்பை வைக்க வேண்டும். மேல்மட்டத்திலிருந்து, அடிவயிற்றில் கைக்குக் கட்டியாகத் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளப்பார்கள். எண்கள் தெரியாதபடி டேப்பைத் திருப்பிப் போட்டு அளந்து, கடைசியில் புரட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். 34 வாரம் என்று அட்டையில் பார்த்துவிட்ட கண், டேப்பிலும் 34-ஐத் தேடும்.

24 வாரத்தில் கர்ப்பப்பை ஏறத்தாழ தொப்புள் மட்டத்துக்கு வரும். அதிலிருந்து 36 வாரம் வரை வாரக்கணக்கும் சென்டிமீட்டரும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறும். இரண்டு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். 36 வாரத்தில் மேல்மட்டம் மார்பெலும்பை எட்டிவிடும். அதன் பிறகு கணக்கு மாறும். தலை இடுப்புக் குழிக்குள் இறங்க இறங்க மேல்மட்டமும் தாழும். ‘வயிறு இறங்கிடுச்சு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பார்வையாலேயே சொல்வது இதைத்தான். ஆகவே கடைசி மாதத்தில் டேப் குறைத்துக் காட்டினால் அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். எது என்பது டேப்புக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்.

கை பார்க்கும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதியவர் ஜெர்மனியில் டிரெஸ்டன் மகளிர் மருத்துவமனையின் இயக்குநராக இருந்த லியோபோல்ட். ஸ்போர்லின் என்பவரோடு சேர்ந்து 1894-இல் அதை வெளியிட்டார். கையை உள்ளே விட்டுப் பரிசோதிப்பதால் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. இயல்பான பிரசவத்தை வெளிப் பரிசோதனையை மட்டும் வைத்தே நடத்த முடியும் என்று காட்டுவதுதான் அவர்கள் நோக்கம். நம் செவிலியர் பள்ளிகளில் இன்றும் அந்த நான்கு பிடிகளைத்தான் சொல்லித்தருகிறார்கள்.

இப்போது காலைச் சற்று மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள், வயிற்றுத் தசை தளர்வதற்காக. கை குளிர்ந்திருந்தால் வயிறு இறுகிவிடும். தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொட வேண்டும். விரல் நுனியால் குத்தக் கூடாது, விரல்களின் உள்பக்கம் முழுதும் படிய வேண்டும். முதல் பிடி கர்ப்பப்பையின் உச்சியில். அங்கே அகலமாக, மெத்தென்று, உருவம் பிடிபடாமல் ஒன்று இருந்தால் அது பிட்டம். உரித்த தேங்காய்போல உருண்டு கெட்டியாக இருந்தால் தலை. அடுத்து, இரண்டு பக்கமும் கை வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் அழுத்திப் பார்ப்பது. ஒரு பக்கம் வழவழப்பாக நீண்டு வளைந்திருப்பது முதுகு. மறுபக்கம் சின்னச் சின்ன முடிச்சுகளாக நழுவுவது கைகால். இதயத் துடிப்பு முதுகுப் பக்கம்தான் தெளிவாகக் கேட்கும்.

மூன்றாவதும் நான்காவதும் அடிவயிற்றில். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் விரித்து, கீழே இருப்பதைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார்கள். தலையானால் அது மட்டும் தனியாக ஆடும், ஏனென்றால் கழுத்தில் மடிப்பு இருக்கிறது. பிட்டமானால் உடம்போடு சேர்ந்துதான் நகரும். கடைசியாக, சிஸ்டர் உங்கள் காலைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் இடுப்புக் குழியை நோக்கிச் செலுத்துவார். தலையில் எவ்வளவு இன்னும் வெளியே தட்டுப்படுகிறது என்பதை ஐந்து பங்காகக் கணக்கிடுவார்கள். ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு விரல் அகலம். ஐந்தும் தட்டுப்பட்டால் தலை முழுதும் மேலே மிதக்கிறது. இரண்டு பங்கோ அதற்குக் குறைவோதான் தட்டுப்படுகிறது என்றால் தலையின் அகன்ற பகுதி இடுப்புக்குள் போய்விட்டது. ‘ஃபிக்ஸ் ஆயிடுச்சு’ என்கிறார்களே, அது பெரும்பாலும் இதைத்தான். முதல் பிரசவத்தில் இது வலிக்கு முன்பே நடக்கலாம். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் வலி வந்த பிறகே தலை இறங்குவது சகஜம். போன் செய்த தங்கைக்கு இது இரண்டாவது பிள்ளை. ‘தலை இறங்கவில்லை’ என்பதால் மட்டும் அவள் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது எது என்பதையும் சொல்ல வேண்டும். பிரசவ வார்டில் நான் பார்த்த பலரின் கதையைச் சேர்த்து ஒருத்தியாகச் சொல்கிறேன். இரண்டாவது பிள்ளை. 32 வாரத்தில் டேப் 31 காட்டியது, சரியான வளர்ச்சி. 36 வாரத்தில் வந்தபோதும் அதே 31. அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட். டேப்பை மட்டும் பார்த்தால் குழந்தை வளரவில்லையோ, பனிக்குட நீர் குறைந்துவிட்டதோ, நாள் கணக்கு தப்போ என்றுதான் மனம் போகும். கை வேறு சொன்னது. உச்சியில் ஒன்றுமில்லை. அடிவயிற்றிலும் ஒன்றுமில்லை, இரண்டு கையும் தடையில்லாமல் உள்ளே போயின. இடது விலாவுக்குக் கீழே கெட்டியாக உருண்டையாகத் தலை. வயிறு உயரம் குறைந்து, பக்கவாட்டில் அகன்றிருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது.

இரண்டாவது பிரசவத்தில் வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் இப்படிக் கிடப்பது உண்டு. ஆனால் நஞ்சு கீழே உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தாலும் தலை கீழே வர முடியாது. அது இல்லையென்று ஸ்கேனில் உறுதியாகும்வரை உள் பரிசோதனை செய்யக் கூடாது. கைபட்டால் ரத்தம் கொட்டிவிடும். அவளுக்கு நஞ்சு மேலேதான் இருந்தது, நீரும் போதுமான அளவு இருந்தது. ஆனாலும் ரயில் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். குறுக்கே கிடக்கும் பிள்ளைக்குக் கீழே அடைப்பாகத் தலை இல்லை. பனிக்குடம் உடைந்தால் நீரோடு தொப்புள்கொடியும் வெளியே சரிந்துவிடலாம். கொடி நசுங்கினால் நிமிடக் கணக்குதான். சோலாப்பூரைத் தாண்டி எங்கோ ஓடும் பெட்டியில் அது நடந்தால் என்ன செய்வது? சியோன் மருத்துவமனை நடந்து போகும் தூரத்தில் இருக்கும் லேபர் கேம்ப்பில் நடந்தால் பிள்ளையைக் காப்பாற்ற வழி உண்டு.

ஒரு வாரம் கழித்து 37-இல் மறுபடி பார்த்தபோது பிள்ளை தானாகவே திரும்பியிருந்தது. டேப் 35, உச்சியில் பிட்டம், கீழே தலை, ஐந்தில் நாலு பங்கு வெளியே. ஒருமுறை திரும்பியது மறுபடியும் திரும்பலாம் என்பதால் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அவளுடைய அம்மா மும்பைக்கு வந்தார்.

கைக்கும் எல்லை உண்டு. சிட்னியில் 35 முதல் 37 வாரத்தில் இருந்த 1,633 பெண்களைக் கையால் பார்த்துவிட்டு ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தலை கீழே இல்லாத குழந்தைகளில் பத்துக்கு ஏழைத்தான் கை கண்டுபிடித்திருந்தது. கால் இரண்டையும் முகத்துக்கு நேரே மடக்கி வைத்திருக்கும் குழந்தையின் பிட்டம் சிறுத்துக் கெட்டியாகி, தலைபோலவே ஏமாற்றும். வயிறு கனமாக இருந்தாலும், நீர் அதிகமாக இருந்தாலும், அந்த நேரம் வயிறு இறுகியிருந்தாலும் கை தடுமாறும். கழுத்து மடிப்பு அகப்படவில்லை, துடிப்பு தொப்புளுக்கு மேலே கேட்கிறது என்றால், ‘ஒருமுறை ஸ்கேன் பார்த்துடலாம்’ என்று சிஸ்டர் சொல்வார். திறமைக் குறைவால் சொல்கிறார் என்று எண்ணாதீர்கள். பிட்டம் கீழே இருப்பது 36 வாரத்தில் தெரிந்தால், வெளியிலிருந்தே கையால் திருப்பிப் பார்க்க டாக்டருக்கு நேரம் கிடைக்கும். வலி வந்த பிறகு தெரிந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் 36 வாரப் பரிசோதனையை இங்கே முடித்துவிட்டு, ‘போகலாம்’ என்று டாக்டர் சொன்ன பிறகு டிக்கெட் எடுங்கள். தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் உயரம், கிடை, கீழே இருப்பது எது, துடிப்பு ஆகிய கட்டங்கள் இருக்கின்றன. அவை காலியாக இருந்தால் தயங்காமல் கேட்டு எழுதி வாங்குங்கள். தலை எத்தனை பங்கு வெளியே என்பதையும் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் மறுபடி அளக்கும்போது ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அது அளக்கும் கையின் வித்தியாசமாகவே இருக்கலாம். இரண்டு வாரமாக டேப் ஏறவே இல்லையென்றால், பழைய பங்குக் கணக்கைப் பார்த்து, தலை இறங்கியதால்தான் உயரம் நின்றதா என்று அவர் கையால் பார்ப்பார். தலை இறங்காமலேயே உயரமும் நின்றுபோயிருந்தால் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்புவார்.

அன்புடன்,
ஆசிரியர்