பவுடர் தயிர் என்று இளப்பமாகப் பேசுகிறவர்களுக்கு

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சின்ன விசேஷம். இருபது பேர் சாப்பிட்டார்கள். என் மருமகள் முந்தின இரவே நான்கு லிட்டர் பாலுக்கு உறை ஊற்றி வைத்திருந்தாள். கத்தியால் வெட்டினால் வெட்டின இடம் அப்படியே நிற்கும் தயிர். எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். "எந்தக் கடைத் தயிர்ம்மா இது?" என்று ஒருவர் கேட்க, அவளும் வெள்ளந்தியாக, "வீட்டுலதான் சித்தி, கொஞ்சம் பால் பவுடர் சேர்ப்பேன்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். "பால் வாங்கக் காசில்லாம பவுடரைக் கரைச்சு ஊத்துறியா? கெமிக்கலைப் போட்டுப் பெரியவங்களுக்குக் குடுக்குறியே" என்று பந்தியிலேயே சத்தம். இன்னொருவர் கலப்படம் என்றார். அந்தப் பெண் முகம் செத்துப்போய் அடுக்களைக்குள் போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து பவுடர் டப்பா மேல்தட்டுக்குப் போய்விட்டது. தட்டில் பழையபடி தண்ணீர் மிதக்கும் தயிர்.

அவளுக்கு அந்தப் பவுடர் வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவன். ஆகவே திட்டு எனக்கு வந்திருக்க வேண்டியது. பதிலும் நானே சொல்கிறேன்.

முதலில் இந்தக் 'கெமிக்கல்' விஷயம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர், கடையில் ஸ்கிம்டு மில்க் பவுடர் என்று கேட்டால் தருவார்களே, அது வேறொன்றுமில்லை. பாலிலிருந்து வெண்ணெய்ச் சத்தை எடுத்துவிட்டு, மீதியில் இருக்கும் நீரையும் ஆவியாக்கினால் மிஞ்சுவது. அதில் ஏறக்குறைய பாதி பால் சர்க்கரை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே புரதம். மிச்சம் சுண்ணாம்புச் சத்து முதலான உப்புகளும் சிறிது ஈரமும். பாலில் இல்லாத எதுவும் அதில் இல்லை.

கலப்படம் என்றவருக்கு இன்னொரு செய்தி. நீங்கள் தினமும் காலையில் வாங்கும் 'டோன்டு' பால் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1940களில் பம்பாயில் பால் தட்டுப்பாடு. எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், விலையும் அதிகம். அதில் தண்ணீரையும் கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் சேர்த்துக் கொழுப்பைக் குறைத்து, பாலின் அளவைப் பெருக்கினார்கள். அந்த யோசனைக்குப் பெயர் பெற்றவர் தாரா குரோடி. பின்னாளில் 1963இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோரோடு சேர்ந்து மகசேசே விருது வாங்கியவர். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்கு முதல் தவணையாக வந்ததும் ஐரோப்பாவிலிருந்து நன்கொடையாகக் கிடைத்த பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும்தான். இன்றைக்கும் பால் வரத்து குறையும் கோடையில் பவுடரைக் கரைத்துச் சேர்ப்பது பால் பண்ணைகளின் வழக்கமான வேலை. அவர்கள் போட்டால் பால். என் மருமகள் போட்டால் கலப்படமா?

"எங்க காலத்துல பவுடரா போட்டோம்? தயிர் கல்லு மாதிரி இருக்கும்" என்று அடுத்த வாதம். இருந்தது, மறுக்கவில்லை. ஏன் இருந்தது என்று யோசித்தீர்களா? என் அம்மா விறகடுப்பின் ஓரத்தில் மண்சட்டியை வைத்து, மத்தியானம் முழுக்கப் பாலைச் சுண்டக் காய்ச்சுவார்கள். பாதி நாள் அது எருமைப்பால். எருமைப்பாலில் கொழுப்பும் அதிகம், புரதமும் அதிகம். அதைச் சுண்டக் காய்ச்சினால் நீர் போய்ச் சத்து இறுகும். பாட்டி நீரைக் குறைத்தார்கள், பேரன் மனைவி திடத்தைக் கூட்டுகிறாள். பாலுக்குள் நடப்பது ஒன்றேதான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பழைய பழக்கம் விடவில்லை. டோன்டு பால் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், எஸ்.என்.எஃப் 8.5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். எஸ்.என்.எஃப் என்றால் கொழுப்பு அல்லாத திடப்பொருள். ஒரு லிட்டரில் அது 88 கிராம் அளவுக்கு வரும். அதில் புரதம் சுமார் 32 கிராம். இதில் 30 கிராம் பவுடரைச் சேர்த்தால் புரதம் ஏறக்குறைய 42 கிராம் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இதே அடர்த்தியைக் காய்ச்சியே கொண்டுவர வேண்டுமானால், லிட்டருக்குக் கால் லிட்டரை ஒட்டி நீர் ஆவியாக வேண்டும். கேஸ் அடுப்பில் பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டு. வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம் இதைக் கேட்கிறோம்.

புரதம் ஏன் முக்கியம்? பாலில் கேசீன் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு இருக்கும். உறையில் உள்ள பாக்டீரியா பால் சர்க்கரையைத் தின்று அமிலமாக்க, புளிப்பு ஏற ஏற அந்த விலக்கம் போய் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வலையாகின்றன. தயிர் என்பது அந்த வலையில் சிக்கிய நீர். நூல் குறைவாக இருந்தால் வலைக்கண் பெரிதாகும், கரண்டி போட்ட குழியில் நீர் தேங்கும். நூல் கூடினால் கண் சிறுக்கும், நீர் உள்ளேயே நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

இது புரியாததால்தான் பலர் "தயிர் கெட்டியாகலையா? உறையைக் கூட ஊத்து" என்கிறார்கள். உறை என்பது வேலையாள், நூல் அல்ல. ஆளைக் கூட்டினால் வலை அவசரமாகப் பின்னப்பட்டு, சீக்கிரம் புளித்து, சுருங்கி நீரை வெளியே தள்ளும். அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி புளிக்காத தயிர் போதும். சோளமாவு கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மாவுக் கூழ். அதைப் பற்றி யாரும் பந்தியில் கத்தியதாக எனக்கு நினைவில்லை!

சரி, செய்முறை. அரை லிட்டர் பாலுக்கு 15 கிராம் பவுடர், தலை தட்டிய மேசைக்கரண்டியில் இரண்டு. பால் ஆறியிருக்கும்போதே, அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே போட வேண்டும். முதல் தடவை நான் கொதிக்கிற பாலில் தூவி, கட்டி கட்டியாக மிதந்ததை வடிகட்ட முக்கால் மணி நேரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு கிண்ணம் ஆறின பாலில் பவுடரைக் கரைத்து, அதை மொத்தப் பாலில் கலந்து, பிறகு காய்ச்சுங்கள்.

காய்ச்சுவதில் ஒரு ரகசியம். பாக்கெட் பால் ஏற்கெனவே சூடாக்கப்பட்டதுதானே என்று வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பண்ணையில் கொடுத்த அந்தச் சூடு சில நொடிகள்தான். கேசீனோடு கூட மோர்ப்புரதம் என்று இன்னொரு வகை இருக்கிறது. நன்றாகக் காய்ந்தால்தான் அது விரிந்து கேசீனைப் பற்றிக்கொண்டு வலைக்கு உதவும். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பவுடர் கலந்த பால் சீக்கிரம் அடிப்பிடிக்கும், கரண்டி கையில் இருக்கட்டும். பிறகு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறையை நன்றாகக் கலந்து, அசையாத இடத்தில் வையுங்கள். பவுடர் சேர்த்தது தோயச் சற்றே அதிக நேரம் எடுக்கும், ஏனென்றால் கூடுதல் புரதமும் உப்பும் புளிப்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். அவசரப்பட்டுச் சாய்த்துப் பார்த்து வலையைக் கிழிக்காதீர்கள். தோய்ந்ததும் ஃபிரிட்ஜில் நான்கைந்து மணி நேரம் இருந்தால்தான் முழுக் கெட்டி வரும்.

பவுடர்க் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொஞ்சம் போட்டால் நல்லது என்றால் நிறையப் போட்டால் இன்னும் நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். நேற்று மூன்று டம்ளரில் ஒரே பால், ஒரே உறை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கால் லிட்டர். பவுடரே இல்லாத முதல் டம்ளரில் கரண்டி போட்டவுடன் குழியில் நீர். ஒரு மேசைக்கரண்டி போட்ட இரண்டாவதில் வெட்டின சுவர் நின்றது, வாசனையிலும் ருசியிலும் வித்தியாசம் இல்லை. மூன்று கரண்டி போட்ட மூன்றாவது கெட்டியோ கெட்டி. ஆனால் நாக்கில் மாவு போல ஒட்டியது, லேசான இனிப்பு, பவுடர் வாடை. என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டாள். "கெமிக்கல்" என்றவர்கள் எங்காவது இந்த மூன்றாவது டம்ளரைச் சாப்பிட்டிருந்தால், அவர்கள் வெறுப்பு எனக்குப் புரிகிறது.

கடையில் வாங்கும்போதும் கவனம். டீக்குப் போடும் 'டெய்ரி வைட்னர்' இதற்கு ஆகாது. அதில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். குழந்தைகளுக்கான பால் மாவு அறவே கூடாது. பழைய பவுடர் கட்டிதட்டி, பழுப்பேறி, அட்டை வாடை அடித்தால் தயிரிலும் அதே வாடை வரும். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அதனால் இதையும் கணக்கிட்டேன். லிட்டருக்கு 30 கிராம் பவுடரால் கூடுவது 15 கிராம் பால் சர்க்கரை. ஒரு சின்னக் கிண்ணத் தயிருக்கு இரண்டு கிராம் கூட வராது, அதிலும் கொஞ்சத்தைப் பாக்டீரியா தின்றுவிடும். பால் சர்க்கரையே வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் பவுடரைத் தவிர்ப்பதுதான் சரி.

பந்தியில் பேசிய இருவரும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள், இதைப் படிப்பார்கள். அடுத்த ஞாயிறு வாருங்கள். இரண்டு கிண்ணம் வைக்கிறேன், ஒன்றில் பவுடர் உண்டு, ஒன்றில் சுண்டக் காய்ச்சிய பால். எது எது என்று சொல்லமாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அடுக்களை வரை போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும். பவுடர் டப்பாவை மேல்தட்டிலிருந்து நானே இறக்கி வைத்துவிட்டேன்.