வாடகை வீடா, பரஸ்பர நிதியா?

கையில் சேர்ந்த பணத்தை வீட்டில் போடுவதா, பரஸ்பர நிதி என்னும் மியூச்சுவல் பண்டில் போடுவதா என்ற விவாதம் குடும்பங்களில் எழும்போது, வீட்டுக் கட்சிக்காரர் வழக்கமாக ஒரு கணக்கைச் சொல்வார். வாங்கிய விலை இவ்வளவு, விற்ற விலை இவ்வளவு, நடுவில் வந்த வாடகை இவ்வளவு. ஆகவே லாபம் இவ்வளவு என்பார். தொகைகளெல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் பணம் எப்பொழுது வந்தது என்ற ஒரு விஷயத்தை அக்கணக்கு அடியோடு மறந்துவிடுகிறது. அந்த மறதிக்கு மருந்துதான் 'அக வருவாய் விகிதம்' என்பது. அதை ஓர் உதாரணத்தைக் கொண்டு இவ்வாரம் பார்ப்போம்.

சென்னைப் புறநகரில் 60 லட்சம் ரூபாய்க்கு ஓர் அடுக்குமாடி வீடு வாங்குவதாக வைத்துக் கொள்வோம். பத்திரம், பதிவு முதலிய செலவுகளுக்கு 6 லட்சம். ஆக, முதல் நாளில் கையை விட்டுப் போவது 66 லட்சம். வாடகை மாதம் 15,000, வருஷத்துக்கு 1,80,000. இரு குடித்தனங்களுக்கிடையே வீடு பூட்டிக் கிடப்பதற்குச் சராசரியாக ஒரு மாத வாடகையும், சொத்து வரி, வெள்ளையடித்தல், பழுது ஆகியவற்றுக்கு 18,000-மும், வருமான வரிக்கு 12,000-மும் கழித்தால் மிஞ்சுவது 1,35,000. இந்த மிச்சம் ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறுகிறது. வீட்டின் விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று கொள்வோம். பதினைந்தாம் ஆண்டின் முடிவில் வீடு ஏறத்தாழ 144 லட்சத்துக்கு விற்கும். தரகு 2 சதவீதமும், லாபத்தின் மீது 12.5 சதவீத மூலதன ஆதாய வரியும் போக, கைக்கு வருவது சுமார் 131.5 லட்சம். (2024 ஜூலை 23 முதல் இந்த வரி விகிதம் அமலில் இருக்கிறது.)

வீட்டுக் கட்சிக்காரர் இப்போது கணக்குப் போடுகிறார். பதினைந்து வருஷ வாடகை மொத்தம் 29 லட்சம். விற்ற பணம் 131.5 லட்சம், கூட்டினால் 160.5 லட்சம். போட்டது 66 போக லாபம் 94.5. அதைப் பதினைந்தால் வகுத்து முதலோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு 9.5 சதவீதம்! கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்தாம் ஆண்டில் வரும் ஒரு ரூபாயும் முதலாண்டில் வரும் ஒரு ரூபாயும் ஒன்றல்லவே!

அக வருவாய் விகிதம் கேட்பது வேறு கேள்வி. ஒரு வட்டி விகிதத்தை எடுத்துக் கொள்கிறோம். பின்னால் வரப்போகும் ஒவ்வொரு தொகையையும் அந்த வட்டியால் பின்னோக்கி இறக்கி, அதன் இன்றைய மதிப்பைக் காண்கிறோம். 7 சதவீத வட்டியில், அடுத்த வருஷம் வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 93 ரூபாய் 46 காசு. இப்படி இறக்கிய தொகைகளின் கூட்டுத்தொகை, நாம் போட்ட 66 லட்சத்துக்கு எந்த வட்டியில் சமமாகிறதோ, அதுவே அந்த வீட்டின் அக வருவாய் விகிதம்.

சோதித்துப் பார்ப்போம். 6 சதவீதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 72.8 லட்சம்; போட்டதைவிட அதிகம். 8 சதவீதத்தில் 57 லட்சம், குறைவு. ஆகவே விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 6.8 சதவீதத்தில் தராசு ஏறக்குறைய நேராக நிற்கிறது. 9.5 என்று சொல்லப்பட்டது உண்மையில் 6.8 தான். கணினியில் இவ்வளவு சிரமம் வேண்டாம். முதற் கட்டத்தில் -66, அடுத்த பதினான்கு கட்டங்களில் அந்தந்த ஆண்டு வாடகை, கடைசிக் கட்டத்தில் வாடகையும் விற்ற பணமும் சேர்ந்த 134.2 என்று, எல்லாம் லட்சத்தில் எழுதிவிட்டு இப்படிக் கேட்டால் போதும்:

```
=IRR(B1:B16)
```

இனி நிதியின் பக்கம் திரும்புவோம். இங்கேதான் பலர் நியாயம் தவறுகிறார்கள். வீடு வருஷந்தோறும் பணம் தருகிறது; நிதியோ சும்மா வளர்கிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிடலாகாது. நிதியையும் 'வாடகை' கொடுக்கச் செய்ய வேண்டும். அதே 66 லட்சத்தை ஒரு பங்கு நிதியில் போட்டு, வீடு கொடுத்த அதே தொகையை அதே நாட்களில் எடுத்துக் கொள்வோம். நிர்வாகச் செலவு போக நிதி ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்வதாக வைத்துக் கொண்டால், பதினைந்தாம் ஆண்டில் 219 லட்சம் மிஞ்சும். பங்கு நிதியின் ஆதாயத்துக்கும் இன்று 12.5 சதவீத வரி உண்டு, வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை விலக்கு. வரி போக, கைக்கு வருவது சுமார் 198 லட்சம். இதன் அக வருவாய் விகிதம் 9.4 சதவீதம்.

"10 சதவீதம் வரும் என்று யார் கண்டார்கள்?" என்று நேயர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகையால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டுக்குச் சமமாக வர, நிதி எவ்வளவு வளர வேண்டும்? ஆண்டுக்கு 7.3 சதவீதம் வளர்ந்தால் போதும். நிதியின் 9.4-ஐ வீடு எட்ட வேண்டுமானால், வீட்டின் விலை எவ்வளவு ஏற வேண்டும்? பதினைந்து வருஷமும் ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம். அதாவது 60 லட்சம் வீடு 222 லட்சத்துக்கு விற்க வேண்டும். இவ்விரண்டில் எது நடக்கக்கூடியது என்று யோசிப்பது, எதிர்காலத்தை ஊகிப்பதைவிடச் சுலபம்.

அந்த யோசனைக்கு ஒரு குறிப்பு. 66 லட்சத்தில் வாடகைகளின் இன்றைய மதிப்பு 17 லட்சந்தான். பாக்கி 49 லட்சமும் கடைசி நாள் விற்பனையைச் சார்ந்தது. எனவே வாடகையைக் கொஞ்சம் ஏற்றி எழுதுவதால் விடை அதிகம் மாறாது. விற்பனை விலையை ஏற்றி எழுதினால் எல்லாமே மாறிவிடும். அந்த விலையைப் புதுக் கட்டடங்களின் விளம்பரத்தில் பார்க்கக் கூடாது. அதே பேட்டையில் பதினைந்து வயதான வீடு என்ன விலைக்குப் பதிவாகிறது என்று விசாரிக்க வேண்டும். கட்டடம் தேயும், ஏறுவது அதன் அடியிலுள்ள பிரிபடாத நிலப் பங்கின் விலையே. பங்கு குறைந்த வீட்டுக்கு 6 சதவீதம்கூட அதிகமாக இருக்கலாம்.

கடன் வாங்கி வீடு வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. 6.8 சதவீதம் தரும் வீட்டுக்கு 8.5 சதவீத வட்டியில் கடன் வாங்கினால், சொந்தப் பணத்தின் வருவாய் 6.8-க்கும் கீழேதான் இறங்கும். கடன் வட்டி வீட்டின் வருவாயைவிடக் குறைவாக இருந்தால்தான் கடன் லாபத்தைக் கூட்டும்.

நிதியின் பக்கமும் இக்கணக்கு ஒன்றை மறைக்கிறது. 10 சதவீதம் என்பது ஆண்டுதோறும் ஒழுங்காக வருவதன்று. 2008-ஆம் ஆண்டில் மட்டும் சென்செக்ஸ் 20,286-லிருந்து 9,647-க்கு விழுந்தது. அத்தகைய வருஷம் ஆரம்பத்திலேயே வந்து, அப்போதும் 'வாடகை' எடுத்துக் கொண்டே இருந்தால், விலை குறைந்த யூனிட்டுகளை நிறைய விற்க நேரும்; பின்னால் சந்தை எழுந்தாலும் அவை திரும்பி வரா. ஆகையால் நிதியை விரும்புவோர் மூன்று நான்கு வருஷச் செலவுக்கான தொகையை வங்கி வைப்பில் தனியாக வைத்துக் கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் இந்த 9.4-ஐ எதிர்பார்ப்பதே விவேகம். அப்படி வைத்த பணத்தின் வட்டியையும் சேர்த்து மீண்டும் ஒருமுறை கணக்கிட்டால், விடை சற்றே இறங்கும். ஆனால் அந்த விடை நம்பத் தக்கதாக இருக்கும்.