கர்ப்பூரமும் கைக்குழந்தையும்

குளிர்காலம் தொடங்கிப் பிள்ளைக்குத் தடிமன் பிடித்துவிட்டால், தேங்காயெண்ணெயிற் கர்ப்பூரத்தைக் கரைத்து நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது ஊரிலிருந்து நம்முடன் வந்த வழக்கம். அம்மம்மாமார் கைப்பக்குவம் என்பதால் அதனை நாம் ஐயுறுவதில்லை. எனினும், கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வழக்கத்தை நாம் கைவிடவே வேண்டும்.

கர்ப்பூரம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. அமெரிக்காவில் முன்னர் கர்ப்பூரத் தைலம் கடைகளில் விற்கப்பட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கு கர்ப்பூரம். ஆமணக்கெண்ணெய் என்று மயங்கிப் பலர் அதனைப் பிள்ளைகளுக்குப் பருக்கிவிட்டனர். ஒரு தேக்கரண்டித் தைலத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் கர்ப்பூரம் உண்டு. அந்த அளவே சிறு பிள்ளையின் உயிரைப் பறித்ததுண்டு. 1980களின் தொடக்கத்தில் அத்தைலத்தின் விற்பனை அங்கு நிறுத்தப்பட்டது. ஆயினும் 2008இல், நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் இரு வாரங்களுக்குள் மூன்று குழந்தைகளுக்குக் கர்ப்பூரத்தால் வலிப்பு ஏற்பட்டது.

நம் வீட்டுப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 50 கிராம் பெட்டியில் 100 வில்லைகள் இருப்பின் ஒன்று அரைக் கிராம். பத்துக் கிலோ நிறையுள்ள பிள்ளை 300 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினாலே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது மருத்துவர் கணக்கு. ஆகவே ஒரு வில்லையே அந்த எல்லையைத் தாண்டிவிடும். வெண்மையாகக் கற்கண்டு போலிருப்பதால் தவழும் பிள்ளை அதனை வாயிலிடத் தயங்காது.

விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். முன்னறிகுறி எதுவும் இல்லாமலும் வரலாம். மூச்சிற் கர்ப்பூர மணம், வாந்தி, அமைதியின்மை, நடுக்கம் என்பனவும் தோன்றலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலிப்பின்போது வாந்தி மூச்சுக்குழாயினுட் புகும். உடனே அவசர இலக்கத்தை அழையுங்கள்: ஐரோப்பாவில் 112, கனடாவில் 911. பெட்டியையும் உடன் கொண்டுசெல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பெட்டியைக் காட்டினாற் போதும். மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கும் மருந்தே கொடுப்பர்.

பூசினால் என்ன என்று கேட்பீர்கள். கர்ப்பூரம் தோலினூடாகவும் உட்செல்லும். குழந்தையின் தோல் மெல்லியது. மூக்கினுள்ளோ மூக்கின் கீழோ தடவினால் மூச்சுத் தடைப்படவும் கூடும். கர்ப்பூரம் சேர்ந்த நெஞ்சுத் தைலங்களையும் இரண்டு வயதுக்குக் குறைந்தோருக்குப் பூசலாகாது. தடிமனுக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டும், அடிக்கடி பாலூட்டலும் போதும். ஒரு வயது கடந்த பிள்ளைக்குச் சிறிது தேன் கொடுக்கலாம்.

பூசைக்கு ஒரு வில்லையை மட்டும் எடுத்து, யன்னலைத் திறந்துவைத்து, முற்றாக எரியும்வரை பெரியவர் ஒருவர் அருகில் நிற்கட்டும். அலுமாரியிற் பூச்சிக்கு வைப்பதாயின், பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில், இறுகக் கட்டிய துணிப்பையில் வையுங்கள். கரப்பானுக்கென்று அடுப்பின் பின்னே தூவுவது வேண்டாம். சுவாமிப் படத்தின் கீழிருக்கும் பெட்டியோ, பூட்டிய தட்டுக்குப் போகட்டும்.