மேலே தண்ணீர், உள்ளே நெருப்பு!

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் ரோட்டில் போகிறவர்களுக்கு இராமையன்பட்டி குப்பைக் கிடங்கைத் தெரியாமல் இருக்காது. கோடையிலும், மேல்காற்று வீசுகிற ஆனி, ஆடியிலும் அங்கே தீப்பிடிப்பது நமக்குப் பழகிப்போன செய்தி. தீயணைப்பு வண்டி வரும், தண்ணீர் பீய்ச்சும், சுவாலை அடங்கும். மறுநாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் புகை! "அதான் அணைச்சாச்சே, பிறகு ஏன் புகையுது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஈரக் குப்பையைக் குவித்து வைத்தால், உள்ளே காற்றில்லாமல் அழுகும். அப்போது மீத்தேன் வாயு உண்டாகும். நம் சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதே வாயுதான். அழுகும்போது சூடும் பிறக்கும். எருக்குழிக்குள் கையை விட்டால் சுடுமே, அது மாதிரி. வெயிலில் மேல்பகுதி காய்ந்து வெடிப்பு விடும். வெடிப்பு வழியே காற்று உள்ளே நுழையும். யாரோ போட்ட பீடித் துண்டோ, கம்பிக்காக டயரைக் கொளுத்தியவர் விட்டுப்போன நெருப்போ போதும், பற்றிக்கொள்ளும். சில சமயம் உள்சூடே போதும். பிறகு உமி மூட்டம் போலச் சுவாலையில்லாமல் பல அடி ஆழத்தில் கனன்றுகொண்டே இருக்கும்.

மேலே ஊற்றுகிற தண்ணீர் பிளாஸ்டிக் தாள்களில் பட்டு, கிடைத்த சந்து வழியே ஓடிவிடும். கனல் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. கறுப்புச் சாறாக வழிந்து பள்ளத்துக்குத்தான் போகும். விடியற்காலையில் தரையிலிருந்து ஆவி கிளம்புவது, குப்பைமேடு ஒரு பக்கமாக உள்வாங்குவது, காந்தல் நெடி விடாமல் வருவது, இவையெல்லாம் உள்ளே நெருப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளங்கள்.

கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-ம் தேதி பற்றிய தீயை அணைக்கப் பன்னிரண்டு நாள் போல ஆயிற்று. அங்கே பலன் தந்த முறை எது தெரியுமா? பொக்லைன் இயந்திரங்களால் குப்பையைக் கிளறிக் கிளறி, கனல் தெரிந்த இடத்திலெல்லாம் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். கிளறும்போது காற்றுப் பட்டுத் தீ குபீரென்று எழும் என்பதால், தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோண்ட வேண்டும். ஆறிய குப்பையைத் தனியே பரப்பி, மண்ணால் மூட வேண்டும். நம் ஊரிலும் இதைத்தான் கேட்க வேண்டும் என்பேன். "வண்டி வந்ததா?" என்பதைவிட, "தோண்டினார்களா, மண் போட்டார்களா?" என்பதே சரியான கேள்வி.

சரி, நம் உடம்புக்கு என்ன? கொழுந்துவிட்டு எரியும் தீயைவிடக் கனலும் தீயின் புகை பொல்லாதது. அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடும் நுண்ணிய தூசியும் அதிகம். பிளாஸ்டிக் பைப்பும் ஒயரும் வேகும்போது அமில வாயுவும் டையாக்சின் என்ற நஞ்சும் சேரும். இரவிலும் விடியற்காலையிலும் காற்று அசையாததால் புகை தாழ்வாகவே தங்கும். வாக்கிங் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகை சூழ்ந்த வீட்டில் தலைவலி, குமட்டல், அசதி. வெளியூர் போனால் சரியாகிவிடுகிறது, திரும்பினால் மறுபடியும் வருகிறது என்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல்நுனிக் கருவி 98 காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அந்த வாயு இரத்தத்தில் கலந்திருந்தாலும் அதைப் பிராணவாயு என்றே கருவி கணக்குப் பண்ணும். மயக்கம், நெஞ்சுவலி, பேச்சு தடுமாறும் மூச்சிரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நான் சித்த மருத்துவன். ஆடாதோடை, தூதுவளை எல்லாம் இருமலுக்குக் கொடுக்கிறேன். ஆனால் புகை வருகிற வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு கஷாயம் குடிப்பது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலைதான். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கவே கூடாது. புகையை விரட்டுகிறேன் என்று சாம்பிராணி போடாதீர்கள், கொசுவர்த்தியும் வேண்டாம். அவையும் புகைதானே!

ஈரத்துணி நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகமூடி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஏர்கூலர் வெளிப்புகையை உள்ளே இழுக்கும், நிறுத்துங்கள். காற்றடிக்கும் திசைக்குச் சன்னலைச் சாத்தி, புகை விலகியதும் திறந்துவிடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி இருந்தால் புகை அடங்கும்வரை சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே உத்தமம்.

இன்னொன்று, நம் கையிலேயே இருக்கிறது. மீத்தேனுக்குத் தீனி நம் அடுக்களையின் பழைய சோறும் காய்கறித் தோலும்தான். அதைப் பிளாஸ்டிக்கோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் அழுகவும் எரியவும் சேர்த்தே அனுப்புகிறோம். ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுங்கள். அதை வண்டியில் ஒன்றாகக் கலந்தால், "ஏன் கலக்குறீங்க?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.