புத்தகத்தைத் திறந்துவிட்டால் போதுமா?

திறந்த புத்தகத் தேர்வு என்று அறிவித்துவிட்டு, “ஏடிஸ் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்குக, 10 மதிப்பெண்” என்று கேட்டால் அங்கே சோதிக்கப்படுவது என்ன? யாருடைய குறிப்பேட்டில் பக்க அடையாளத் தாள்கள் ஒழுங்காக ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான். பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவி என்ற முறையில் இப்படிப்பட்ட தாள்களையும் எழுதியிருக்கிறேன், நன்றாக வடிவமைக்கப்பட்டவற்றையும் எழுதியிருக்கிறேன். வேறுபாடு கேள்வியில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி மதிப்பெண் அட்டவணையில் இருக்கிறது. அந்த இரண்டாம் பாதியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அதே டெங்கிப் பாடத்திலிருந்து நானே ஒரு கேள்வி அமைத்துப் பார்க்கிறேன். எண்கள் கற்பனை. ஒரு குடியிருப்புப் பேட்டையில் ஆறு வாரங்களில் நோய்கண்டவர்கள் முறையே 2, 5, 9, 12, 8, 3 பேர். மூன்றாம் வாரத்தின் முதல் நாளில் கொசுப்புகை அடிக்கப்பட்டது. “புகையடித்த பிறகுதான் எண்ணிக்கை கூடியது, ஆகவே அது வீண்” என்கிறார் ஒரு குடியிருப்பாளர். “ஆறாம் வாரத்தில் மூன்றாகக் குறைந்துவிட்டதே, அது பலித்தது” என்கிறார் இன்னொருவர். இந்தத் தரவு யாருடைய கூற்றை ஆதரிக்கிறது? 20 மதிப்பெண், 40 நிமிடம்.

இதற்கான விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் விடைக்குத் தேவையான தகவல்கள் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. கிருமியுள்ள கொசு கடித்த 4 முதல் 10 நாள்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும். நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. கிருமி அதன் உடலில் பெருகி உமிழ்நீரை எட்ட ஏறக்குறைய 8 முதல் 12 நாள்கள் ஆகும். புகை, பறக்கும் கொசுக்களைத்தான் கொல்லும். நீரில் இருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் தப்பிவிடும். இத்தனையும் ஐந்தே நிமிடத்தில் தேடி எடுக்கக்கூடியவை.

இனிமேல்தான் வேலை. புகையடித்த நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்தில் காய்ச்சல் கண்ட 9 பேரில் பெரும்பாலோர் அதற்கு முன்பே கடிபட்டவர்கள். ஆகவே அந்த 9 புகையைப் பற்றி ஏறத்தாழ எதுவும் சொல்லவில்லை. எட்டாம் நாள் காய்ச்சல் கண்டவர் புகைக்கு முன்பும் கடிபட்டிருக்கலாம், பின்பும் கடிபட்டிருக்கலாம். எனவே நான்காம் வாரத்தின் 12 ஒரு கலவை. 15ஆம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் கண்டவர்கள் கடிபட்டது நிச்சயமாகப் புகைக்குப் பிறகுதான். ஆகவே ஐந்தாம் வாரத்திலிருந்துதான் எண்கள் வாய் திறக்கின்றன. முதலாமவரின் வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. அதற்காக இரண்டாமவர் வென்றுவிடவில்லை. எண்ணிக்கை குறைந்ததற்குப் பூச்சாடித் தட்டுகளில் தேங்கிய நீரை மக்கள் கொட்டியதும் காரணமாக இருக்கலாம். புகை அடிக்காத பக்கத்துப் பேட்டையிலும் எண்ணிக்கை அதே அளவு குறைந்திருந்தால், பெருமை புகைக்கு உரியதல்ல.

இப்போது மதிப்பெண் அட்டவணைக்கு வருவோம். 20இல் சரியான தகவல்களுக்கு 4 மட்டும். அவற்றை நாள்களோடும் எண்களோடும் பொருத்துவதற்கு 7. இரு கூற்றுகளையும் எடைபோடுவதற்கு 6. முடிவை உறுதிசெய்ய வேறு என்ன தரவு வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்வதற்கு 3. கடைசிப் பகுதியில் ‘இன்னும் ஆய்வு தேவை’ என்று எழுதினால் பூஜ்யம். நோய் பதிவான நாளுக்குப் பதிலாகக் காய்ச்சல் தொடங்கிய நாள் வேண்டும் என்றோ, வாரந்தோறும் பொறிகளில் சிக்கிய கொசுக்களின் எண்ணிக்கை வேண்டும் என்றோ எழுதிக் காரணமும் காட்டினால்தான் மதிப்பெண்.

அட்டவணைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது அடைமொழிகளால். ‘ஓரளவு நல்ல பகுப்பாய்வு’, ‘நல்ல பகுப்பாய்வு’, ‘மிகச் சிறந்த பகுப்பாய்வு’ என்று எழுதி வைத்தால், திருத்துபவர் கடைசியில் விடையின் நீளத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். அவரைக் குறைசொல்லவும் முடியாது. அதற்குப் பதிலாக, தாளில் கண்ணால் காணக்கூடியதை எழுதவேண்டும். என் கேள்வியின் 7 மதிப்பெண் பகுதி இப்படி இருக்கும்: ‘4 முதல் 10 நாள்கள்’ என்று மட்டும் எழுதி எந்த வாரத்தோடும் இணைக்காதவருக்கு அதிகபட்சம் 1. மூன்றாம் வாரத்தினர் முன்பே கடிபட்டவர்கள் என்று காட்டி அங்கேயே நின்றுவிட்டவருக்கு 2 முதல் 4. எந்த வாரம் பயனற்றது, எது கலவை, எது பேசத் தகுந்தது என்று பிரித்துக் காட்டியவருக்கு 5 முதல் 7. உயர்நிலைப் பள்ளியில் வரலாற்றுப் பாடத்தின் ஆதாரக் கேள்விகளை எழுதியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆதாரத்தில் உள்ளதைத் திருப்பிச் சொன்னால் கீழ்த்தட்டு, அதிலிருந்து ஊகித்துக் காரணம் காட்டினால் மேல்தட்டு என்று அங்கே ஏற்கெனவே பழகியிருக்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் சில பாடங்களில் ஏன் மீண்டும் ‘ஒரு குறிப்புக்கு ஒரு மதிப்பெண்’ முறைக்குத் திரும்புகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

அட்டவணை சரியா என்று தேர்வுக்கு முன்பே சோதிக்க ஒரு வழி உண்டு. தொடர்புடைய பத்திகளை எல்லாம் பாடக்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டி ஒரு போலி விடைத்தாள் தயாரிக்கவேண்டும். பார்க்க மூன்று பக்கம், அழகாக இருக்கும். அதை அட்டவணைப்படி திருத்தினால் என் கணக்கில் 5 தாண்டக்கூடாது. 11 வாங்கிவிட்டால், எங்கோ தகவலுக்கு இரண்டு முறை மதிப்பெண் போகிறது என்று பொருள்.

இன்னொரு சிக்கல், பிழை தொடர்வது. ஒருவர் காய்ச்சல் வரும் காலத்தை 14 முதல் 20 நாள்கள் என்று தவறாக எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த எண்ணைக் கொண்டு வாரங்களைச் சரியாகவே பிரித்து, ஐந்தாம் வாரம்கூடப் புகையின் பலனை முழுதாகச் சொல்லாது என்கிறார். அவர் இழக்கவேண்டியது தகவலுக்கான ஒரு மதிப்பெண்ணை மட்டுமே. பொருத்துவதற்கான 7 அவருக்கு முழுதாகக் கிடைக்கலாம். இதை அட்டவணையில் எழுதிவைக்காவிட்டால் ஒரு திருத்துநர் கொடுப்பார், இன்னொருவர் வெட்டுவார். இருவரும் முதலில் அதே ஐந்து தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு அன்றே வெளிப்பட்டுவிடும்.

“விழித்திருந்து மனப்பாடம் செய்தவனுக்கு 4 மதிப்பெண்தானா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். படித்தவருக்கு ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. கொசுவின் உடலுக்குள் கிருமிக்கு ஒரு காத்திருப்புக் காலம் உண்டு என்பதே தெரியாதவர், 300 பக்கங்களில் எதைத் தேடுவார்? 40 நிமிடமும் பக்கம் புரட்டுவதிலேயே போய்விடும். அதே வேளையில் எல்லாவற்றையும் திறந்த புத்தகமாக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. படுக்கையருகே நிற்கும் தாதி, மயக்கமடையும் டெங்கி நோயாளியின் அபாய அறிகுறிகளைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதை மூடிய புத்தகத்தில்தான் சோதிக்கவேண்டும்.

இப்படிப்பட்ட கேள்வியைத் திருத்த நேரம் அதிகமாகும் என்பது உண்மை. ஆனால் கேள்வியையே ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. மூத்த மாணவர்களின் விடைகள் டெலிகிராம் குழுக்களில் சுற்றத்தான் செய்யும். அடுத்த ஆண்டு புகையடித்த நாளை நான்காம் வாரத்துக்கு மாற்றிவிட்டால், பழைய விடையைப் பார்த்து எழுதுபவர் வாரங்களைப் பிரிக்கும் இடத்திலேயே மாட்டிக்கொள்வார். திருத்துபவருக்கு அட்டவணையில் மாறுவது வார எண்கள் மட்டும்தான்.